பதிவு இல்லாவிட்டாலும் எதிர்க்கலாம், ஆனால் 2018-க்கு முந்தைய காகிதம் வேண்டும்

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். காசிமேட்டில் என் அம்மா 2009-லிருந்து ‘அலைமகள்’ என்ற பேரில் மீன் குழம்பு மசாலா அரைத்து விற்கிறார். முதலில் கவரில் ஸ்டிக்கர் ஒட்டினோம், 2012-லிருந்து அச்சடித்த பாக்கெட். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் கடைகளுக்குப் போடுகிறோம். 2019-ல் ஜிஎஸ்டி என் பேரில் எடுத்தோம். பேரைப் பதிவு செய்யவில்லை. இப்போது மாதவரம் பக்கம் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி அதே மசாலாவுக்கு ‘அலைமலர்’ என்று விண்ணப்பித்து, டிரேட்மார்க் ஜர்னலிலும் வந்துவிட்டது. 2018-லிருந்து பயன்படுத்துவதாகப் போட்டிருக்கிறார்கள். எங்கள் பாக்கெட் கேட்டவருக்கு அவர்களுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரர் ஒருவரே சொன்னார். நாங்கள் எதிர்க்க முடியுமா? பழைய பில் பாதி 2015 மழையில் போய்விட்டது. அவர்களுக்குப் பதிவு கிடைத்தால் எங்களை நிறுத்தச் சொல்வார்களா?

பதில்:

எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ஜர்னல் தேதியை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஜர்னல் வெளியான தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போயாக வேண்டும். இது வணிகக் குறிகள் சட்டத்திலேயே, 21-ஆம் பிரிவில் இருக்கிற கெடு, பதிவாளர் நினைத்தாலும் ஒரு நாள் கூட்டித் தர முடியாது. உங்களுக்கு எப்போது தெரிய வந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜர்னல் திங்கட்கிழமைதோறும் பதிவகத்தின் இணையதளத்தில் வருகிறது. அதில் அந்தக் கம்பெனியின் விண்ணப்பம் எந்தத் தேதி இதழில் இருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து 4 மாதம் கணக்குப் போட்டு, அதற்கு 2 வாரம் முன்னாலேயே தாக்கல் செய்துவிடுங்கள். கடைசி நாள் சாயங்காலம் பணம் கட்டும் பக்கம் திறக்காமல் போய், அதோடு கேஸே முடிந்துபோன ஆட்களை எனக்குத் தெரியும்.

எதிர்க்க முடியும். 21-ஆம் பிரிவு ‘எவரும்’ எதிர்க்கலாம் என்கிறது, பதிவு வைத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. படிவத்தின் பெயர் TM-O, ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். மசாலா 30-ஆம் வகுப்பில் வரும். அவர்கள் வேறு வகுப்பும் சேர்த்துக் கேட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், உங்களுக்கு 30 மட்டும் போதும்.

சரி, எந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்ப்பது? இங்கேதான் நிறையப் பேர், சில வக்கீல்கள்கூட, பழைய மனுவைக் காப்பி எடுத்து ஒட்டி மாட்டிக்கொள்கிறார்கள். எதிர்ப்பு என்றாலே 11(1) பிரிவை, அதாவது ‘முந்தைய வணிகக் குறியோடு இது குழம்பும்’ என்பதைத் தலைப்பில் போட்டுவிடுவது வழக்கம். ஆனால் ‘முந்தைய வணிகக் குறி’ என்றால் என்ன என்று அதே பிரிவின் விளக்கத்தில் எழுதியிருக்கிறது: முன்னாலேயே பதிவானது, அல்லது முன்தேதியில் விண்ணப்பித்தது, அல்லது நாடறிந்த குறி. அலைமகள் இந்த மூன்றிலும் இல்லை. வடசென்னைக்குள் எவ்வளவு பேர் வாங்கினாலும் சட்டம் சொல்லும் நாடறிந்த குறி வேறு. ஆகவே 11(1)-ஐ மட்டும் நம்பிப் போனால், பதில் மனுவில் ஒரே பத்தியில் உங்களை முடித்துவிடுவார்கள்.

உங்களுக்கான கதவு 11(3)(a). பதிவில்லாத பேராக இருந்தாலும், வியாபாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிற பேரைப் ‘பாஸிங் ஆஃப்’ சட்டம், அதாவது தன் சரக்கை இன்னொருவருடையது போலக் காட்டி விற்பதைத் தடுக்கிற சட்டம், காக்கிறது. அந்தச் சட்டப்படி தடுக்கக்கூடிய குறியைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது இது. கூடவே 11(5)-ஐயும் படியுங்கள். இந்தக் காரணத்தை எதிர்ப்பு மனுவில் எழுப்பினால்தான் அதை வைத்துப் பதிவை மறுக்க முடியும். பதிவகம் தானாக உங்களுக்காகத் தேடிப் பார்க்காது, அதனால்தான் அவர்கள் விண்ணப்பம் பரிசோதனையைத் தாண்டி ஜர்னல் வரை வந்திருக்கிறது. இதோடு, பொதுமக்களைக் குழப்பும் குறி என்று 9(2)(a), அந்தப் பேருக்கு உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்குத் தகுதியில்லை என்று 18(1), இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று போதும். பத்துப் பிரிவை அடுக்கினால் மனு பலமாகிவிடாது.

பேர் ஒத்துப்போகிறதா என்பதில் உங்கள் நிலைமை நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் அதை எப்படி எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். தமிழில் இரண்டும் ஐந்தைந்து எழுத்து, முதல் மூன்றும் ஒன்றே. ALAIMAGAL, ALAIMALAR என்று எழுதினால் ஒன்பதில் முதல் ஆறு ஒன்று. அவர்கள் கட்டாயம் சொல்லப்போகிற வாதம் ‘மகள் வேறு, மலர் வேறு, அலைமகள் என்றால் லட்சுமி, எங்களுடையது பூ, தமிழ் தெரிந்த யாரும் குழம்ப மாட்டார்கள்’ என்பது. இதற்குப் பதில் நம்ம ஊர் வழக்கிலேயே இருக்கிறது. மெட்ராஸில் மூக்குப்பொடி விற்ற இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் ‘ஸ்ரீ அம்பாள்’, ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்று நடந்த வழக்கு அது, அதுவும் பதிவை எதிர்த்து வந்ததுதான். அம்பாள் சிவனுடைய தேவி, ஆண்டாள் பெருமாளுடைய தேவி, இந்துக்கள் யாருக்கும் குழப்பம் வராது என்று வாதம் வைத்தார்கள். 1969-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொடியை வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்தப் பேதம் தெரிந்த தமிழ் இந்துக்கள் இல்லை, கண்ணுக்கு வேறாகத் தெரிந்தாலும் காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, சந்தை நிலவரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஆண்டாளுக்குப் பதிவை மறுத்தது. லட்சுமி, பூ என்று அவர்கள் தொடங்கும்போது உங்கள் மனுவில் இந்த வழக்கு ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சந்தை நிலவரத்தை நீங்களும் எழுத வேண்டும், இதில் சோம்பல் படாதீர்கள். இது சின்ன விலைப் பாக்கெட். கடையில் யாரும் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்குவதில்லை, மீனை வாங்கிய கையோடு வாசலில் நின்று ‘ஒரு அலைமகள் குடுங்க’ என்று வாயால் கேட்கிறார்கள், கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுக்கிறார், சில சமயம் குழந்தையை அனுப்பி வாங்குகிறார்கள். இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவது யாருடைய வழக்கமும் இல்லை. சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள வாங்குபவர் என்னும் அளவுகோலை உச்ச நீதிமன்றம் அமிர்ததாரா, லட்சுமண்தாரா வழக்கில் வைத்தது இதற்காகத்தான்.

ஆனால் ஒன்று, எதை உங்களுடையது என்று கேட்கிறீர்களோ அதில் அளவாக இருங்கள். மீன் படம், நீல நிறம், ‘மீன் குழம்பு மசாலா’ என்ற சொற்கள், இதெல்லாம் ஊரில் எல்லாரும் போடுவது. அதற்கும் சேர்த்து உரிமை கொண்டாடினால், ‘எல்லாவற்றுக்கும் சொந்தம் கொண்டாடுகிற ஆள்’ என்று ஒரு பிம்பம் விழுந்துவிடும். ‘அலை’ என்பது பொதுவான சொல், பலர் வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், மசாலாவில் அந்தப் பேரோடு எத்தனை பேர் உண்மையில் கடையில் விற்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். பதிவேட்டில் நாலு பேர் இருக்கிறது என்று பட்டியல் நீட்டுவது போதாது. பேரைத் துண்டு போட்டு ஒப்பிடக் கூடாது, முழுதாகத்தான் ஒப்பிட வேண்டும் என்பதும் உங்களுக்குச் சாதகம்.

கடைக்காரர் சொன்னதை வீணாக்காதீர்கள். குழப்பம் உண்மையில் நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நடக்க வாய்ப்பு இருந்தாலே போதும், ஆனால் நடந்ததற்கு ஒரு சாட்சி இருந்தால் அதன் எடையே வேறு. அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குங்கள், கடை எங்கே, எந்த மாதம், என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார், எப்படித் தெரிய வந்தது என்று அவருடைய வார்த்தையிலேயே. ஆறு கடைக்காரர்களிடம் ஒரே வாசகத்தில் கையெழுத்து வாங்கி வைத்தால் படிக்கிறவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் கேஸின் உயிர்நாடிக்கு வருவோம். பேர் ஒத்துப்போகிறது என்று நீங்கள் ஜெயித்தாலும், யார் முதலில் என்பதில் தோற்றால் மொத்தமும் போச்சு. அவர்கள் 2018 என்கிறார்கள். அப்படியானால் உங்கள் 2019 ஜிஎஸ்டி பில்லெல்லாம் வியாபாரம் தொடர்ந்து நடக்கிறது என்பதற்குத்தான் உதவும், முந்தியதற்கு உதவாது. 2018-க்கு முன்னால், ‘அலைமகள்’ என்ற பேர் தேதியோடு இருக்கிற காகிதம் வேண்டும். இந்த வரியில் மூன்று நிபந்தனை இருக்கிறது: தேதி, பேர், வெளியாள் கொடுத்த காகிதம். நாம் நாமே எழுதிக்கொண்ட நோட்டு கடைசியில்தான் வரும்.

இதை வைத்துத் தேடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று 2018-க்கு முந்தையது இருந்தால் நல்லது, ஆனால் அதில் அம்மா பேரும் விலாசமும் தொழிலும்தான் இருக்கும், பிராண்ட் பேர் பெரும்பாலும் இருக்காது, ஆகவே அது வியாபாரம் இருந்ததைக் காட்டும், பேர் இருந்ததைக் காட்டாது. உங்களுக்கு மிகப் பெரிய சொத்து 2012-ல் பாக்கெட் அச்சடித்தவர். அச்சுக்கான சிலிண்டர் செலவு, டிசைன், எத்தனை கிலோ ஃபிலிம் என்று அவர் பில் போட்டிருப்பார், அதில் பேரும் தேதியும் இருக்கும், உங்கள் காப்பி நனைந்துபோனாலும் அவருடைய கணக்கில் அல்லது கம்ப்யூட்டரில் இருக்கும். அவரிடம் பழைய பில் காப்பியும், ‘இந்த டிசைனை நான் இந்த ஆண்டு அச்சடித்தேன்’ என்ற பிரமாணப் பத்திரமும் கேளுங்கள். அடுத்தது, மசாலாவைப் பரிசோதனைக் கூடத்துக்கு எப்போதாவது அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையில் மாதிரியின் பேர் எழுதியிருக்கும். கோயில் திருவிழா மலரிலோ, பள்ளி ஆண்டு மலரிலோ விளம்பரம் கொடுத்தீர்களா? வடசென்னையில் கொடுக்காத வியாபாரி குறைவு, அந்த மலர் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும், ஆண்டு அட்டையிலேயே அச்சாகியிருக்கும். பழைய பாக்கெட் ஒன்று, பேக் செய்த மாதம் தெரிகிறபடி, எந்தக் கடையின் பின்னாலாவது கிடைத்தால் தங்கம். போனில் எடுத்த பழைய படங்கள் இருந்தால் அசல் ஃபைலைத் தொடாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எடுத்த தேதித் தகவல் போய்விடும். மின்னணு ஆவணமாகத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றும் கூட வைக்க வேண்டும்.

2009 என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிக்கர் காலத்துக்கு ஆதாரம் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். ‘2009-ல் தொடங்கினோம், 2012-லிருந்து ஆவணம் இருக்கிறது’ என்று உள்ளபடி எழுதுங்கள். 2018-ஐ முந்த 2012 போதும். இடைவெளியை அடைக்கப் பில் புத்தகம் தயார் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்து தள்ளி நில்லுங்கள். 2013 தேதி போட்ட பில்லில் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருந்ததை நான் எதிர்த்தரப்பாக இருந்து பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டியே 2017 ஜூலையில்தான் வந்தது. அந்த ஒரு தாளுக்குப் பிறகு அவர்களுடைய உண்மையான ஆவணங்களையும் யாரும் நம்பவில்லை.

உங்கள் ஆதாரத்தைத் தேடும்போதே அவர்களுடையதையும் பாருங்கள். 2017 விதிகளின்படி, முன்பே பயன்படுத்துகிறோம் என்று சொல்லி விண்ணப்பித்தால் பிரமாணப் பத்திரமும் ஆவணங்களும் சேர்த்துப் போட வேண்டும். பதிவகத் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் அவர்கள் ஏற்றியவற்றைப் பார்க்கலாம். முதல் பில் 2021 தேதியில் இருந்தால் 2018 என்பது வெறும் எழுத்து. அப்புறம், அவர்கள் பிரைவேட் லிமிடெட் என்கிறீர்கள், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கம்பெனி தொடங்கிய தேதி இலவசமாகத் தெரியும். 2020-ல் பிறந்த கம்பெனி 2018-லிருந்து விற்றதாகச் சொன்னால், முன்பு யார் நடத்தினார்கள், பேர் எப்படிக் கைமாறியது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

இதே கேள்வி உங்கள் பக்கமும் திரும்பும். 2019 வரை அம்மா, அதன் பிறகு ஜிஎஸ்டி உங்கள் பேரில். வீட்டுக்குள் இது ஒன்றுமில்லை, பதிவகத்தில் ‘பேர் யாருடையது’ என்று கேட்பார்கள். மனுவை உங்கள் பேரில் போட்டு, 2009 முதல் நடத்திய முந்தைய உரிமையாளர் அம்மா என்று சொல்லி, அவர் இந்தப் பேரையும் வியாபார நற்பெயரையும் உங்களுக்குக் கொடுத்ததற்கு ஒரு ஒப்பந்தப் பத்திரம் இப்போது எழுதுங்கள். பதிவில்லாத குறியையும் இப்படி மாற்றித் தரலாம், 39-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பத்திரத்தில் இன்றைய தேதியைத்தான் போட வேண்டும். 2019-லேயே வாய்மொழியாகக் கொடுத்துவிட்டதை இப்போது உறுதிப்படுத்துகிறோம் என்று உள்ளே எழுதலாம், 2019 தேதி போட்டு எழுதக் கூடாது. அம்மாவும் தனியாகப் பிரமாணப் பத்திரம் தரட்டும், தொடக்கக் கதையை நேரில் அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

மனு போட்டபின் வருகிற கெடுக்களில்தான் பலர் விழுகிறார்கள். நகல் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த 2 மாதத்துக்குள் அவர்கள் பதில் மனு போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், உங்களுக்கு வேலை மிச்சம். போட்டால், அது உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 2 மாதத்துக்குள் உங்கள் ஆதாரப் பிரமாணப் பத்திரம் போக வேண்டும், நகலை அவர்களுக்கும் அனுப்ப வேண்டும், அனுப்பியதைப் பதிவகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தவறினால் உங்கள் எதிர்ப்பு கைவிடப்பட்டதாகிவிடும். இதெல்லாம் மின்னஞ்சலில்தான் வரும், குப்பைப் பெட்டியில் போய் விழுவதும் உண்டு, ஆகவே வாரம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பாருங்கள். அச்சகக்காரரைத் தேடுவதை அந்த 2 மாதத்துக்கு ஒத்திப் போடாதீர்கள், மனு போடும் முன்பே தொடங்குங்கள்.

‘2018-லிருந்து தெரிந்தும் சும்மா இருந்தீர்கள்’ என்று கேட்பார்கள். அவர்கள் சரக்கு உங்கள் கடைகளுக்கு எப்போது வந்தது என்று கடைக்காரர்களிடம் கேட்டு இப்போதே குறித்து வையுங்கள். போன வருஷம்தான் வந்தது என்றால் அதுவே பதில். அவர்கள் நிஜமாகவே 2018-லிருந்து வேறு மாவட்டங்களில் விற்று வந்திருந்தால், பதிவு முழுதாக மறுக்கப்படாமல் இடத்தைக் குறுக்கி முடியவும் வாய்ப்புண்டு. 11(3) ‘எந்த அளவுக்குத் தடுக்க முடியுமோ அந்த அளவுக்கு’ என்றுதான் சொல்கிறது. அப்படி ஒரு சமரசம் வந்தால் கோபத்தில் தள்ளிவிடாதீர்கள்.

கடைசிக் கேள்வி, நிறுத்தச் சொல்வார்களா என்பது. அவர்களுக்குப் பதிவு கிடைத்தாலும் 34-ஆம் பிரிவு உங்களைக் காக்கும்: அவர்கள் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, பதிவுத் தேதி, இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து தொடர்ந்து நீங்கள் பயன்படுத்தி வந்தால், பதிவை வைத்து உங்களைத் தடுக்க முடியாது. முந்திப் பயன்படுத்தியவரின் உரிமை பதிவுக்கும் மேலானது என்று திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் இதற்கும் அதே 2018-க்கு முந்தைய காகிதம்தான் வேண்டும். ‘தொடர்ந்து’ என்ற சொல்லையும் கவனியுங்கள், நடுவில் ஒரு வருஷம் அரைக்காமல் விட்டிருந்தால் ஏன் என்று காரணம் வையுங்கள்.

எதிர்ப்பு மனு பதிவைத்தான் நிறுத்தும், அவர்கள் விற்பனையை நிறுத்தாது, விசாரணை வருஷக் கணக்கில் போகும். விற்பனையையே தடுக்க வேண்டும் என்றால் நீதிமன்றத்தில் தனியாகப் பாஸிங் ஆஃப் வழக்கு போட்டு இடைக்காலத் தடை கேட்க வேண்டும், செலவு வேறு மாதிரி. கையில் என்ன காகிதம் தேறுகிறது என்று பார்த்த பிறகு அதை முடிவு செய்யலாம். எதிர்ப்பு மனு போடுகிற அதே வாரம் அலைமகளுக்கு உங்கள் பேரில் TM-A பதிவு விண்ணப்பமும் போட்டுவிடுங்கள், தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். பரிசோதனையில் அவர்கள் விண்ணப்பத்தைக் காட்டி ஆட்சேபம் வரும், வரட்டும், எதிர்ப்பு எண்ணையும் முந்தைய பயன்பாட்டையும் சொல்லிப் பதில் கொடுக்கலாம். இரண்டு தாளிலும் தொடங்கிய ஆண்டு ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் கையெழுத்துப் போடும் முன் பார்த்துவிடுங்கள்.